ஒரே பட்டறை, ஒரே கூலி, இரண்டு விதமான உணர்வு

கேள்வி: வர்க்கப் போராட்டக் கோட்பாடு பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி கூலி, ஒரே மாதிரி சுரண்டல். அப்படியிருந்தும் தொழிலாளர்களுக்கு வர்க்க உணர்வு எல்லா இடத்திலும் ஏன் வருவதில்லை? "பொய்யுணர்வு" என்று எழுதி முடித்துவிடலாமா, இல்லை வேறு விளக்கம் உண்டா?

பதில்:

"பொய்யுணர்வு" என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள். மார்க்ஸ் எழுத்தில் அந்தச் சொல் கிடையாது. 1893-ல் எங்கெல்ஸ் மெஹ்ரிங்குக்கு எழுதிய கடிதத்தில்தான் வருகிறது. அங்கும் அவர் பேசுவது சித்தாந்தம் படைக்கும் சிந்தனையாளர்களைப் பற்றி. பட்டறையில் நிற்கும் தொழிலாளியைப் பற்றி அல்ல. தொழிலாளிக்கு உண்மை தெரியவில்லை, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதினால் உங்கள் கேள்விக்குப் பதில் வராது. ஏமாற்றியது யார், எப்படி, ஏன் ஓரிடத்தில் பலித்தது, இன்னோரிடத்தில் பலிக்கவில்லை என்று அதே கேள்வி வேறு உருவில் திரும்பி வந்து நிற்கும்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளிக்கு உணர்வைத் தருவது "நிலைமை" என்ற பொதுவான ஒன்று அல்ல. காலையில் எந்திரத்தின் முன் நின்றதிலிருந்து மாலை வரை அவர் யாரை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது, யாரால் தடைபடுகிறார், எதை வென்றதாக நினைக்கிறார் என்பதிலிருந்து உணர்வு உருவாகிறது. கூலியும் எந்திரமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் வேலை அமைக்கப்பட்ட விதம் ஓரிடத்தில் தொழிலாளியின் கண்ணை மேலே நிர்வாகத்தை நோக்கித் திருப்பும்; இன்னோரிடத்தில் பக்கத்தில் நிற்கும் சக தொழிலாளியை நோக்கித் திருப்பும். இதைக் கிட்டத்தட்ட ஒரு சோதனைச்சாலை போலப் பார்க்க வாய்ப்புத் தந்த ஒரு பட்டறை உண்டு. உங்கள் கட்டுரைக்கு அதையே நடுத்தூணாக வைக்கச் சொல்வேன். பத்துக் கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டுவதைவிட அது பயன்படும்.

அதற்குமுன் அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. 1847-ல் மார்க்ஸ் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். மூலதனத்தின் ஆதிக்கம் இந்த மக்கள்திரளுக்குப் பொதுவான நிலைமையையும் பொதுவான நலன்களையும் உண்டாக்குகிறது. ஆகவே மூலதனத்துக்கு எதிரே அது ஏற்கெனவே ஒரு வர்க்கம்; தனக்கான வர்க்கமாக மாறுவது போராட்டத்தின் ஊடேதான். ஐந்தாண்டு கழித்துப் பிரெஞ்சுச் சிறு விவசாயிகளைச் சாக்கில் போட்ட உருளைக்கிழங்குகளுக்கு ஒப்பிட்டார். எல்லாம் ஒரே மாதிரி கிழங்குதான். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லை. அந்த உவமையைப் படிக்கிறவர்கள் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: விவசாயி தனித்தனியே கிடக்கிறான், தொழிலாளி ஒரே கூரையின்கீழ் கூடி நிற்கிறான், ஆகவே உணர்வு தானாக வரும் என்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே கூரையின்கீழ் நின்றால் உறவு வரும், சரி. அது எந்த மாதிரி உறவு?

"வர்க்க உணர்வு" என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் பிரித்துக்கொள்வது நல்லது. 1973-ல் சமூகவியலாளர் மைக்கேல் மன் அதை நான்கு படிகளாகப் பிரித்தார். நான் தொழிலாளி என்ற அடையாளம். முதலாளி எனக்கு எதிர்ப்பக்கம் என்ற எதிர்நிலை. இந்த எதிர்ப்புதான் சமூகம் முழுவதையும் அமைக்கிறது என்ற முழுமைப் பார்வை. வேறொரு சமூகம் சாத்தியம் என்ற மாற்றுப் பார்வை. முதல் இரண்டும் பரவலாகக் கிடைக்கும், பின்னிரண்டும் அரிது. "உணர்வு இருக்கிறதா இல்லையா" என்று கேட்பதைவிட "எந்தப் படிவரை வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது" என்று கேட்டால் உங்கள் கட்டுரை தெளிவாகும்.

இப்போது பட்டறைக்கு வருவோம்.

டொனால்ட் ராய் ஒரு சமூகவியல் ஆய்வு மாணவர். 1944 நவம்பர் முதல் 1945 ஆகஸ்ட் வரை சிகாகோவின் ஒரு எந்திரப் பட்டறையில் ரேடியல் டிரில்லிங் எந்திரத்தை இயக்கும் தொழிலாளியாக வேலை பார்த்தார். கூலி துண்டுக்கணக்கில். மணிக்கு 85 சென்ட் அடிக்கூலி, எவ்வளவு குறைவாகச் செய்தாலும் நிச்சயம். அதற்குமேல் செய்கிற ஒவ்வொரு துண்டுக்கும் கூடுதல் காசு. ராய் தினமும் தன் உற்பத்தியைக் குறித்துவைத்தார். அவருடைய கணக்கு இரண்டு குவியல்களாகப் பிரிந்து கிடந்தது. ஒரு குவியல் மணிக்கு 1.25 டாலர் சம்பாதிக்கும் அளவில். இன்னொன்று அடிக்கூலியைக்கூட எட்டாத அளவில். நடுவில் வெகு சொற்பம்.

காரணம் எளிது. சில வேலைகளுக்கு நிர்ணயித்த நேரம் தாராளமாக இருக்கும். தொழிலாளர்கள் அவற்றைக் கொழுத்த வேலை என்பார்கள். அவற்றில் 1.25-க்கு மேலும் சம்பாதிக்க முடியும், ஆனால் யாரும் போகமாட்டார்கள். போனால் கடிகாரத்தோடு நேரக்கணிப்பு ஆள் வந்து நிற்பார், துண்டுக்கான கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார் என்ற அச்சம். ராய் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சக தொழிலாளர்கள் இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இன்னும் சில வேலைகளுக்கு நேரம் கறாராக இருக்கும். அவை நாறல் வேலைகள். எப்படி முட்டி மோதினாலும் 85 சென்ட்டைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வராது என்று தெரிந்தால் கையைத் தளர்த்திவிடுவார்கள். முக்கினாலும் முனகினாலும் அதே 85 சென்ட்தான், பிறகு எதற்கு?

ராய்க்கு இதில் தெரிந்தது நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடந்த இழுபறி. கருவி அறையில் இருப்பவர், எந்திரத்தை வேலைக்குத் தயார்செய்து தரும் செட்டர், பொருள் கொண்டுவருபவர் எல்லோரும் எந்திரத் தொழிலாளியோடு சேர்ந்துகொண்டு நிர்வாகத்தின் புதுப்புது விதிகளை ஓசையில்லாமல் முறியடித்ததையும் பிறகு எழுதினார். கோடு மேலுக்கும் கீழுக்கும் இடையே ஓடியது.

முப்பது ஆண்டு கழித்து, 1974 ஜூலையில், மைக்கேல் புரவோய் என்ற இன்னொரு ஆய்வு மாணவர் சிகாகோவில் ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தின் எஞ்சின் பிரிவில் எந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்தார். பத்து மாதம் வேலை பார்த்தார். வேலைக்கு நடுவே ராயின் ஆய்வேட்டைப் படித்தபோது பல இடங்கள் அவருக்குப் பழகினவையாக இருந்தன. ராய் நின்ற அதே பட்டறையில்தான் தானும் நிற்கிறோம் என்று புரிந்தது. பழைய நிறுவனத்தைப் பன்னாட்டு நிறுவனம் விழுங்கியிருந்தது, அவ்வளவுதான். (இருவருமே நிறுவனத்துக்குப் புனைபெயர்தான் தந்தார்கள்.) ஒரே பட்டறை, ஏறக்குறைய அதே வகை எந்திரங்கள், அதே துண்டுக்கூலி முறை, முப்பது ஆண்டு இடைவெளி. சமூகவியலில் இப்படி ஒரு தற்செயல் வாய்ப்பது அபூர்வம்.

புரவோய் ஒரு மார்க்சியர். தொழிலாளர்கள் ஏன் இன்னும் கடுமையாக உழைக்கவில்லை என்று நிர்வாகவியல் கேட்கிறது, ராயும் ஓரளவு அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். புரவோய் அதைத் தலைகீழாகத் திருப்பினார்: இவ்வளவு கடுமையாக ஏன் உழைக்கிறார்கள்? அடி விழும் என்ற பயமில்லை. வேலை போய்விடும் என்ற பயம் முன்னைவிடக் குறைவு. யூனியன் இருக்கிறது. அடிக்கூலி நிச்சயம். இருந்தும் தானே, ஒரு மார்க்சியரே, சில வாரங்களில் இலக்கை எட்டும் வெறியில் ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார்.

அவர்கள் விளையாடியது ஓர் ஆட்டம். நம் பேச்சில் "இன்னிக்குத் தேத்திட்டேன்" என்போமே, அதற்கு ஒப்பான சொல் அங்கே புழங்கியது. 100 சதவீதம் என்பது நிர்ணயித்த அளவு. 125 சதவீதத்தைத் தொட்டால் தேற்றியதாகக் கணக்கு. 140-க்கு மேல் யாரும் கணக்கில் காட்டமாட்டார்கள்; காட்டினால் விகிதம் குறையும்.

ஒரு நாளை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஒரு வேலைக்கு மணிக்கு 20 துண்டு என்பது 100 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 160 துண்டு. தேற்ற வேண்டுமானால் 200. உச்சவரம்பு 224. காலையில் வந்ததும் முதல் தேவை செட்டிங். செட்டர் இன்னொருவரிடம் இருந்தால் காத்திருக்க வேண்டும். பிறகு கருவி அறைக்குப் போய் துண்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் வாங்க வேண்டும். அங்கே உள்ளவர் மெதுவாகத் தேடினால் கால் மணி போகும். வார்ப்புகளைத் தள்ளுவண்டிக்காரர் கொண்டுவர வேண்டும். முதல் துண்டை இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இதிலெல்லாம் ஒரு மணி நேரம் கரைந்தால் மீதி ஏழு மணியில் 200 துண்டு வேண்டும். அதாவது மணிக்கு 25-க்குப் பதில் 29 கிட்டத்தட்ட. முடியுமா, முடியாதா? அந்தப் பதற்றத்தில் நேரம் ஓடிவிடுகிறது. பத்தரை மணிக்கு முடியும் போலத் தோன்றினால் தொழிலாளி தன் முழு மூளையையும் எந்திரத்தில் போடுகிறார். வேகத்தைக் கூட்டுகிறார், தன் கைக்கு வசதியாக ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார். முடியாது என்று தெரிந்தால் கையை விட்டுவிடுகிறார். மாறாகத் தாமதம் எதுவும் இல்லாமல், வேலையும் கொழுத்ததாக இருந்து மணிக்கு 32 வருகிறது என்றால் ஏழு மணியில் 224 முடிந்துவிடும். கடைசி மணியில் செய்த 32 துண்டைக் கணக்கில் காட்டாமல் நாளைய நாறல் வேலைக்கு உண்டியலில் போடுவதுபோல ஒதுக்கிவைக்கிறார். நிர்வாகத்தை ஏமாற்றிவிட்டோம் என்ற திருப்தி வேறு. அன்று மாலை உணவறையில் பேச்செல்லாம் யார் தேற்றினார், யார் தவறவிட்டார் என்பதுதான்.

இந்த நாளில் தொழிலாளி யாரைத் திட்டினார் என்று பாருங்கள். தாமதமாக வந்த தள்ளுவண்டிக்காரரை. அலட்சியமாக இருந்த கருவி அறை ஆளை. குறை கண்டுபிடித்த இன்ஸ்பெக்டரை. அவர்களும் கூலிக்காரர்கள்தான். ஆனால் அவர்களுக்கு மணிக்கூலி, இவருக்குத் துண்டுக்கூலி. அவர்களுடைய நிதானம் இவருடைய இழப்பு. எந்திரத்தை இயக்குபவர்கள் பலர், உதவி செய்கிறவர்கள் சிலர் என்பதால் அந்தச் சிலருடைய நேரத்துக்காக எந்திரத் தொழிலாளர்களுக்குள்ளேயே போட்டி. ராய் காலத்தில் மேல் நோக்கி ஓடிய மோதல் இப்போது பக்கவாட்டில் ஓடியது. முப்பது ஆண்டில் நடந்த முக்கியமான மாற்றம் என்று புரவோய் சுட்டியது இதைத்தான். ஃபோர்மேன் எங்கே என்று கேட்கிறீர்களா? அவர் பல நேரம் ஆட்டத்தில் துணைநின்றார். தொழிலாளி தேற்றினால் அவருக்கும் நல்லது.

இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டம் உண்மையானது. எட்டு மணி நேர அலுப்பைக் கொல்கிறது, உடற்களைப்பை மறக்கடிக்கிறது, கெட்டிக்காரர் என்ற மதிப்பைச் சக தொழிலாளர்களிடம் வாங்கித் தருகிறது. தொழிலாளி முட்டாளாக இருப்பதால் ஆடவில்லை; ஆடாவிட்டால் அந்த எட்டு மணி தாங்கமுடியாது என்பதால் ஆடுகிறார். ஆனால் ஆட்டத்தில் இறங்கிய கணத்தில் அதன் விதிகளைக் கேள்வி கேட்கும் இடத்தை விட்டு இறங்கிவிடுகிறார். சதுரங்கம் ஆடிக்கொண்டே குதிரை ஏன் இப்படித் தாவ வேண்டும் என்று வழக்காட முடியாது. சம்மதம் என்பது யாரோ பிரசாரம் செய்து மனத்தில் ஊட்டிய கருத்தாக இங்கே வரவில்லை. ஆடும் செயலிலிருந்தே பிறக்கிறது.

இதோடு சேர்ந்து இன்னொன்றும் நடக்கிறது. கோட்பாட்டுக் கட்டுரைக்கு இதுவே அதிமுக்கியம் என்று நினைக்கிறேன். பண்ணை அடிமை நிலையில் இருந்த ஐரோப்பியக் குடியானவர் வாரத்தில் சில நாள் தன் துண்டு நிலத்திலும் மற்ற நாள் பிரபுவின் நிலத்திலும் உழைத்தார். தனக்கு எது, பிரபுவுக்கு எது என்பது இடத்தாலும் நாளாலும் பிரிந்து கண்ணுக்குத் தெரிந்தது. நம் எந்திரத் தொழிலாளியைக் கேளுங்கள்: 200 துண்டில் எத்தனையாவது துண்டோடு உன் கூலிக்கான உழைப்பு முடிந்தது, எத்தனையாவதிலிருந்து முதலாளிக்குப் போகும் உபரி தொடங்கியது? அவரால் சொல்ல முடியாது. யாராலும் பட்டறையில் நின்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் காசு கிடைக்கிறதே! மூலதனத்தின் முதல் தொகுதியில் துண்டுக்கூலி பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் சொல்வதும் இதுதான். துண்டுக்கூலி வந்ததும் உழைப்புச் சக்தியை விற்கவில்லை, செய்துமுடித்த உழைப்பையே விற்றோம் என்ற தோற்றம் வந்துவிடுகிறது. தன்னைத்தானே கசக்கிக்கொள்வது தொழிலாளியின் சொந்த நலனாகிறது. தனித்தன்மை வளர்வதோடு ஒருவரோடு ஒருவர் போட்டியும் வளர்கிறது. ஆக ஒரே செயல் இரண்டு வேலை செய்கிறது. உபரியை உறுதி செய்கிறது, உபரியை மறைத்தும்விடுகிறது.

ஆட்டம் மட்டும் என்றால் ராய் காலத்திலேயே சம்மதம் வலுத்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. இடையில் இரண்டு ஏற்பாடுகள் வளர்ந்திருந்தன. பட்டறையில் ஓர் இடம் காலியானால் உள்ளே இருப்பவர்களுக்கே முதலில் அறிவிப்பார்கள். விருப்பமுள்ளவர் விண்ணப்பிக்கலாம், சீனியாரிட்டியும் அனுபவமும் பார்த்துக் கொடுப்பார்கள். ஃபோர்மேன் பிடிக்கவில்லையா, வேலை கசக்கிறதா, வேறு எந்திரத்துக்கு மாறிப் போகலாம். கோபம் கூட்டாகத் திரள்வதற்குள் தனி ஆளாக வெளியேற ஒரு கதவு. சீனியாரிட்டி கூடக்கூட ஓய்வூதியமும் சலுகையும் கூடுவதால் நிறுவனம் நீடிப்பதில் தொழிலாளிக்கும் ஒரு பங்கு. இரண்டாவது, குறைதீர்ப்பு முறை. ஒப்பந்தத்தில் இந்த விதி மீறப்பட்டதா என்று யூனியன் கேட்கும். மீறப்பட்டால் தீர்வு கிடைக்கும். ஆனால் குறை எப்போதும் ஒருவருடைய குறை, ஒரு விதிக்கு உட்பட்ட குறை. ஒப்பந்தத்தின் அடிப்படையே அநியாயம் என்று மனுக் கொடுக்கப் படிவம் இல்லை. தொழிலாளி உரிமைகளுள்ள குடிமகனாக, தனி ஆளாக அங்கே நிற்கிறார். இந்த உரிமைகள் கடுமையான போராட்டங்களால் வந்தவை. அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வென்ற உரிமையே அடுத்த போராட்டம் எழாமல் பார்த்துக்கொள்ளும் வாய்க்காலாகவும் ஆகலாம். மன்னின் நான்கு படிகளில் வைத்தால், இந்தப் பட்டறையில் முதல் படி திடமாக இருந்தது, இரண்டாம் படி துண்டுதுண்டாக அவ்வப்போது தலைகாட்டியது, மூன்றாவதற்கு வழியே திறக்கவில்லை.

வீட்டிலிருந்து, தெருவிலிருந்து கொண்டுவரும் உணர்வுகள் என்ன ஆயின? இனம், வயது, குடும்ப நிலை இவற்றால் உழைக்கும் அளவு மாறுகிறதா என்று புரவோய் தேடினார். பெரிதாக மாறவில்லை என்றார். பட்டறை தன் ஆட்களைத் தானே வார்த்தெடுத்தது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1870 ஏப்ரலில் மார்க்ஸ் நியூயார்க்கில் இருந்த இரு தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் இங்கிலாந்தின் ஒவ்வொரு தொழில் நகரத்திலும் தொழிலாளி வர்க்கம் ஆங்கிலேயர், ஐரிஷ்காரர் என இரு பகை முகாம்களாகப் பிளந்து கிடப்பதைச் சொல்கிறார். தன் கூலியைக் குறைக்க வந்தவன் என்று ஐரிஷ் தொழிலாளியை வெறுக்கும் ஆங்கிலேயத் தொழிலாளி தன்னை ஆளும் தேசத்தின் ஆளாக உணர்கிறான் என்கிறார். ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்துக்கு அமைப்பு இருந்தும் பலம் இல்லாமல் போன ரகசியம் இந்தப் பகைதான் என்பது அவர் முடிவு. அங்கே பிளவு பட்டறைக்கு வெளியிலிருந்து, ஆதிக்கத்தின் வரலாற்றிலிருந்து வந்தது. உற்பத்தி அளவு மாறவில்லை என்பதால் இனப்பிளவு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. எந்திரத்தின் முன் எல்லோரும் ஒரே ஆட்டம் ஆடலாம். வேலைநிறுத்த நாளில் யாரோடு யார் நிற்பார்கள் என்பது வேறு கணக்கு. உங்கள் கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் வையுங்கள்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். அதே துண்டுக்கூலி, சோசலிச ஆட்சியின்கீழ். 1971-ல் மிக்லோஷ் ஹராஸ்தி என்ற இளம் ஹங்கேரியக் கவிஞர் புடாபெஸ்ட்டின் ரெட் ஸ்டார் டிராக்டர் ஆலையில் மில்லிங் எந்திரத் தொழிலாளியாக இருந்தார். அங்கும் துண்டுக்கூலிதான். ஆனால் சிகாகோவில் இருந்த நிச்சயமான அடிக்கூலி அவருக்கு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு எந்திரங்களை ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். எந்த வேலையை யாருக்குத் தருவது என்பது ஃபோர்மேன் கையில். நாறல் வேலையைத் தொடர்ந்து ஒருவர் தலையில் கட்டினால் அவர் மாதம் முடிந்தது. கையைத் தளர்த்தும் உரிமையே இல்லாத இடத்தில் ஆட்டம் ஆட்டமாக இருக்காது. உயிர் பிழைக்கும் ஓட்டமாகிவிடும். ஹராஸ்தி எழுதியதில் "அவர்கள்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் என்றால் ஃபோர்மேன் முதல் இயக்குநர் வரை மேலே உள்ள எல்லோரும். கோடு மறுபடி மேலுக்கும் கீழுக்கும் இடையே வந்துவிட்டது.

புரவோய் பின்னர் ஹங்கேரிக்கே போனார். 1980-களின் நடுவில் மிஷ்கோல்ட்ஸ் நகரில் லெனின் எஃகு ஆலையில் உலைத் தொழிலாளியாக வேலை பார்த்தார். அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி போதும். பிரதமர் வருகிறார் என்று உற்பத்தியைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு ஆலை முழுவதையும் கூட்டிப் பெருக்கி வண்ணம் பூசச் சொன்னார்கள். புரவோய்க்குக் கிடைத்தது கறுப்பு வண்ணம், மண்வெட்டிகளுக்குப் பூசினார். சோசலிசத்தைக் கட்டுகிறேன் என்று அவர் சொன்னதற்கு, கட்டவில்லை, வண்ணம்தான் பூசுகிறாய், அதுவும் கறுப்பாக என்று சக தொழிலாளி சொன்னாராம்.

இந்தச் சொல் தற்செயலாக வந்ததல்ல. அங்கே உபரியை எடுத்துக்கொள்வது அரசு. கண்ணுக்குத் தெரியும்படி எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரிவதால் நியாயப்படுத்த வேண்டியிருக்கிறது: திறமை, சமத்துவம், தொழிலாளர் ஆட்சி என்ற சடங்குகளை நடத்த வேண்டியிருக்கிறது. அந்தச் சடங்கில் தொழிலாளியும் பங்கெடுக்க வேண்டும். சொன்னதும் நடப்பதும் எவ்வளவு தூரம் என்று அவர் தினமும் அளந்து பார்க்கிறார். ஆகவே அந்த உலைத் தொழிலாளர்களிடம் ஆட்சியாளர்களை ஒரு வர்க்கமாகவே பார்க்கும் கூர்மை இருந்தது. சிகாகோவில் முதலாளித்துவம் எதையும் நியாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை. உபரி தெரியாதபோது யாருக்கு விளக்கம் சொல்வது? எஃகு ஆலையில் மன்னின் மூன்றாம் படிவரை வந்தது உணர்வு. நான்காம் படியில், "வேறு எது" என்ற இடத்தில், உண்மையான சோசலிசம் வேண்டும் என்ற விருப்பம் இருந்தும் அதைத் தூக்கிப்பிடிக்கத் தொழிலாளர்களுக்கென்று சொந்த அமைப்பு இல்லை. 1989-ல் ஆட்சி விழுந்தபோது வந்தது சந்தை. உணர்வு கூர்மையாக இருப்பதும் அது வெல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வலிக்கிற உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படியானால் ஆட்டம் எப்போது உடையும்? புரவோய் மூன்று நிலைகளைச் சொன்னார். தேற்றுவது முற்றிலும் கைமீறிப் போகும்போது. தேறுவது சர்வநிச்சயமாகி ஆட்டத்தில் சுவையே இல்லாமல் போகும்போது. தேறினால் என்ன தேறாவிட்டால் என்ன என்று பலனே பொருட்டில்லாமல் ஆகும்போது. முதலாவதுதான் நடைமுறையில் அடிக்கடி வருவது. வார்ப்பு மோசமாக வருகிறது, கருவி உடைந்தபடியே இருக்கிறது, விகிதத்தை இறுக்கிவிட்டார்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 125 எட்டாது. அப்போது தள்ளுவண்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை என்று தெரிகிறது. அவரும் இதே சகதியில் நிற்பது தெரிகிறது. பார்வை மேலே போகிறது. மிக மோசமான நிலையில் இருப்பவர்களிடம் இல்லாத கொதிப்பு, ஓரளவு நன்றாக இருந்து விதிகள் திடீரென மாற்றப்பட்டவர்களிடம் எழுவதை இது விளக்குகிறது. அவர்கள் எழுவது வறுமையால் அல்ல. தாங்கள் ஒழுங்காக ஆடிய ஆட்டத்தின் விதியை மேலே இருப்பவர் தன்னிச்சையாக மாற்றிவிட்டார் என்பதால். அந்தக் கொதிப்பு பழைய விதியைத் திருப்பிக் கேட்பதோடு நின்றுவிடலாம், அதையும் தாண்டலாம். தாண்டுவதற்கு மற்ற பட்டறைகளோடு தொடர்பும் நினைவும் அமைப்பும் வேண்டும். அதைப் பட்டறைத் தளம் தானாகத் தராது.

நேரில் பார்த்து ஆராய வாய்ப்பிருந்தால், "நீங்கள் எந்த வர்க்கம்" என்று படிவத்தில் கேட்காதீர்கள். வேலை தடைபடும்போது தொழிலாளி வாயில் முதலில் வரும் பெயர் யாருடையது என்று ஒரு வாரம் குறித்துவாருங்கள். படிவத்தைவிட அது அதிகம் சொல்லும்.

இந்த விளக்கத்தின் எல்லையையும் எழுதாமல் விடாதீர்கள். சிகாகோ பட்டறை ஒரு குறிப்பிட்ட காலத்தின் குழந்தை: பெரிய நிறுவனம், வலுவான யூனியன், நிச்சயமான அடிக்கூலி, வளரும் பொருளாதாரம். தினக்கூலிக்கு ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் ஆட்களுக்கு, நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவர்களுக்கு, ஆட்டம் என்ற விளக்கம் அப்படியே பொருந்தாது. அவர்களைக் கட்டிப்போடுவது சம்மதத்தைவிட அச்சம். புரவோயும் பல ஆண்டு கழித்துத் தன் ஆய்வைத் திரும்பிப் பார்த்தபோது இதை ஒத்துக்கொண்டார். பட்டறைக்குள் சம்மதம் எப்படி உருவாகிறது என்பதில் ஆழ்ந்திருந்த அவர், அந்தச் சம்மதத்தைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் வெளியே சரிந்துகொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. 1980-களில் யூனியன்கள் நொறுங்கின, தெற்குச் சிகாகோவின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தள்ளுவண்டிக்காரரும் எந்திரத் தொழிலாளியும் கருவி அறை ஆளும் ஒன்றாக வெளியே நின்றபோது, சேர்ந்து திரும்பிப்போக அவர்களுக்குப் பட்டறை இருக்கவில்லை.